கண்ணின் நிறம் மாறாமல், வடிவம் கெடாமல்: ஜிம்ப்பில் ஒரு குளோசப்

போனில் எடுத்த முகப் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, கண்ணை மட்டும் ஜூம் செய்து பாருங்கள். சிறியதாக இருக்கும்போது பளிச்சென்று தெரிந்த கண், பெரிதாக்கியதும் பழுப்பும் கறுப்புமாகச் சில கட்டங்களாகிவிடும். உடனே ஏதாவது ஒரு ஷார்ப்பன் பட்டனைத் தேடி அழுத்துவோம். ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுமே தவிர, கண்ணுக்குள் புதிதாக ஒன்றும் தெரியாது.

காரணம் எளிய கணக்குதான். 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாக்கில் 4000 புள்ளிகளும் அகலவாக்கில் 3000 புள்ளிகளும் இருக்கின்றன. 15 செ.மீ. அகலமுள்ள முகம் அந்த 3000 புள்ளிகளில் நிறைந்து நின்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 20 புள்ளிகள் கிடைக்கும். கண்ணில் நாம் பார்க்கும் வட்டமான நிறப் பகுதிக்கு ஐரிஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு அதன் குறுக்களவு ஏறக்குறைய 12 மி.மீ. ஆகவே முழு ஐரிஸுக்கும் கிடைப்பது 240 புள்ளிகள். அதில் ரேகைகளும் குழிகளும் எப்படித் தெரியும்? படத்தில் பதிவாகாத விவரத்தை எந்த ஷார்ப்பன் பட்டனும் கொண்டுவந்து தராது.

ஆகவே கண் குளோசப் என்றால் முதல் வேலை கேமராவில், இரண்டாவது வேலைதான் கம்ப்யூட்டரில். சென்ற மாதம் என் பெரியம்மாவின் கண்ணை எடுத்து, 12 அங்குல அகலப் பிரிண்ட்டாகப் போட்டுக் கொடுத்தேன். அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 66. நம்மில் பலரைப் போல அடர் பழுப்புக் கண். வெளியூரில் இருக்கும் அவருடைய மகள், வீட்டில் உள்ள எல்லோருடைய கண்களையும் வரிசையாகச் சுவரில் மாட்டப் போகிறாள்.

இதற்கு முன் ஒரு ஸ்டூடியோவில் பெரியம்மாவின் படத்தைக் கொடுத்து ‘அழகு’ செய்து வாங்கியிருந்தார்கள். வெள்ளை விழி காகிதம் போல வெளுத்திருந்தது. ஐரிஸ் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. கண் கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருந்தது. பெரியம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு கண்ணுடா?” அதனால் எனக்கு வைக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. விவரம் எல்லாம் தெரிய வேண்டும், நிறமும் வடிவமும் மாறக்கூடாது.

முதலில் கண்ணில் என்ன இருக்கிறது?

எதைத் தெளிவாக்கப் போகிறோம் என்று தெரியாமல் மௌஸைத் தொடக் கூடாது. கண்ணின் முன்பக்கம் கார்னியா என்ற கண்ணாடி போன்ற குமிழ் இருக்கிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் பின்னால், நடுவில் துளையிட்ட திரைபோல ஐரிஸ் நிற்கிறது. அந்தத் துளைதான் கண்மணி. அது வெறும் துளை என்பதால் அதற்குள் எந்த அமைப்பும் தெரியாது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் நமக்குப் பெரிய உதவியாக வரப் போகிறது.

ஐரிஸ் ஒரே நிறமான தட்டு அல்ல. கண்மணியைச் சுற்றி, பூவிதழ் ஓரம் போல நெளிநெளியாக ஒரு வளையம் மேடாக இருக்கும். அங்கிருந்து வெளிப்புறமாக நார்நாராக ரேகைகள் ஓடும். இடையிடையே சிறு குழிகள் இருக்கும். வெளி ஓரத்தை நெருங்கும்போது, துணி மடிப்பைப் போல வட்டமான மடிப்புகள் தெரியும். கண்மணி விரியும்போது ஐரிஸ் சுருங்கி மடிவதால் வரும் மடிப்புகள் அவை. நீலக் கண்ணில் இந்த நார்கள் எளிதாகத் தெரியும். பழுப்புக் கண்ணில் முன் அடுக்கிலேயே மெலனின் என்ற நிறமி நிறைந்திருப்பதால், நார்கள் வெல்வெட் துணிக்கு அடியில் இருப்பது போல மங்கலாகவே தெரியும். ‘நம்முடைய கண்ணில் ஒன்றுமே இல்லையே’ என்று தோன்றுவது இதனால்தான். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மேடு பள்ளங்கள் தங்கள் நிழலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது கண்ணில் மின்னும் வெள்ளை ஒளிப்புள்ளி. போட்டோகிராபர்கள் இதைக் கேட்ச்லைட் என்பார்கள். இது கண்ணுக்குச் சொந்தமானது அல்ல, எதிரில் இருக்கும் விளக்கோ ஜன்னலோ கார்னியாவில் தெரியும் பிம்பம். குளோசப்பில் இது வெறும் புள்ளியாக இராது. ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரியும். போனைப் பிடித்த கையும் தலையும்கூடக் கறுப்பாகத் தெரியும். பெரியம்மாவின் படத்தில் ஜன்னலின் மூன்று கம்பிகளை எண்ண முடிந்தது. அதன் மேல் ஓரத்தில் கறுப்பாகச் சில கீற்றுகள் இருந்தன. அவை மேல் இமை முடிகள் கார்னியாவில் பிரதிபலிப்பதால் வருபவை. தூசி என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். அழித்தால் கண் ஏனோ பொம்மைக் கண் போலாகிவிடும்.

பெரியம்மாவின் ஐரிஸ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையமும் உண்டு. வயதானவர்களிடம் இது சாதாரணம். கார்னியாவின் ஓரத்தில் கொழுப்புச் சத்து படிவதால் வருகிறது. (நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு இப்படி வளையம் தெரிந்தால் டாக்டரிடம் காட்டி, கொலஸ்ட்ரால் பார்ப்பது நல்லது.) ஸ்டூடியோ படத்தில் இந்த வளையத்தைத் துடைத்தே எடுத்திருந்தார்கள். பெரியம்மா தன் கண் இல்லை என்று சொன்னதற்கு முக்கியக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

படம் எடுத்த விதம்

நண்பர் ஒருவரின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவையும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸையும் வாங்கி வந்தேன். பெரியம்மாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி உட்கார வைத்து, தலையை நாற்காலியின் உயர்ந்த முதுகில் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன். டியூப் லைட்டை அணைத்துவிட்டோம். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால், ஐரிஸின் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறு பாதி வேறு நிறமாகவும் பதிவாகும். பிறகு எது உண்மையான நிறம் என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க முடியாது. ஃப்ளாஷ் போடவில்லை. முகத்துக்கு இவ்வளவு அருகில் ஃப்ளாஷ் அடிப்பது கண்ணுக்கும் தொந்தரவு, படத்திலும் கண்மணியின் மேலேயே ஒரு வெள்ளைப் பொட்டு விழும். வெயிலைப் பார்க்கச் சொல்லவே கூடாது.

வெளிச்சம் போதுமானதாக இருந்தால் கண்மணி சுருங்கி, ஐரிஸ் அதிகமாகத் தெரியும். இது நமக்கு லாபம். கேமரா ஸ்டாண்டில். அபெர்ச்சர் எஃப் 8, வேகம் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600. படத்தின் அகலத்தில் 36 மி.மீ. அடங்கியது. படம் 6000 புள்ளி அகலம் என்பதால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 167 புள்ளிகள், ஐரிஸுக்கு ஏறக்குறைய 2000 புள்ளிகள். முன்பு சொன்ன 240-ஐ நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு அருகில் எடுக்கும்போது ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நேராக இருக்கும் இமை முடிகள் ஐரிஸுக்கு ஒரு செ.மீ. முன்னால்கூட நீண்டிருக்கும். ஐரிஸ் தெளிவாக இருந்தால் முடி நுனிகள் மங்கித்தான் தீரும். இது படத்தின் குறை அல்ல. கேட்ச்லைட் மட்டும் கார்னியாவின் மேல் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும், அந்தப் பிம்பம் உண்மையில் கார்னியாவுக்குச் சுமார் 4 மி.மீ. உள்ளே, ஏறத்தாழ ஐரிஸ் இருக்கும் இடத்தில்தான் உருவாகிறது. அதனால் இரண்டும் சேர்ந்தே தெளிவாக வரும். பத்துப் படம் எடுத்தால் மூன்று தேறும். கேமராவின் சிறு திரையை நம்பாமல், பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

போன்தான் இருக்கிறது என்றால் மேக்ரோ மோடில் கண்ணை ஒட்டி வைக்க வேண்டாம். போனின் நிழலும் பிம்பமுமே கண்ணில் நிறைந்திருக்கும். டெலி லென்ஸ் உள்ள போனில் 2x அல்லது 3x வைத்து, தள்ளி நின்று எடுத்துவிட்டு, தேவையான பகுதியை வெட்டிக்கொள்ளலாம். Beauty என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தோலை மெழுகுவதோடு நிற்காமல், கேட்காமலே கண்ணையும் பெரிதாக்கிவிடுகிறது. நம் நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும்.

ஜிம்ப்பில் வேலை

ஜிம்ப் இலவச மென்பொருள். www.gimp.org தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். இங்கே சொல்லும் முறைக்கு 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

படத்தைத் திறந்து, Layer மெனுவில் Duplicate Layer கிளிக் செய்யுங்கள். வலப்பக்கம் லேயர் பட்டியலில் இரண்டு லேயர்கள் இருக்கும். கீழே உள்ளதைத் தொடவே போவதில்லை. மேலே உள்ளதில்தான் எல்லா வேலையும். இப்போது மேல் லேயரைத் தேர்ந்தெடுத்து, பட்டியலுக்கு மேலே உள்ள Mode என்ற இடத்தில் LCh Lightness என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் இனி நடப்பது வேறு. மேல் லேயரிலிருந்து வெளிச்ச அளவை மட்டும் ஜிம்ப் எடுத்துக்கொள்ளும், நிறத்தைக் கீழ் லேயரிலிருந்தே எடுக்கும்.

இது ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்குப் பாருங்கள். பெரியம்மாவின் ஐரிஸில் ஒரு புள்ளி ஏறக்குறைய சிவப்பு 90, பச்சை 55, நீலம் 35 என்று இருந்தது. இருண்ட ஐரிஸைக் கொஞ்சம் வெளிச்சமாக்க வளைகோட்டை உயர்த்தினால், அது மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே வேலை செய்கிறது. 90 என்பது 118 ஆகிறது, 55 என்பது 72 ஆகிறது, 35 என்பது 40 மட்டுமே ஆகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் 55-லிருந்து 78-க்குப் போய்விட்டது. நாம் கேட்டது வெளிச்சம், கிடைத்ததோ செம்பு நிறம். பழுப்புக் கண் ‘தேன் கண்’ ஆவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வேண்டுமென்று நிறம் மாற்றியிருக்க மாட்டார்கள். LCh Lightness வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை.

இனி Colors மெனுவில் Curves திறங்கள். குறுக்காக ஒரு கோடு தெரியும். அதன் அடியில் 25 என்ற இடத்தில் ஒரு கிளிக், அதை அசைக்க வேண்டாம். கண்மணி கறுப்பாகவே இருக்க இது ஆணி அடித்தது போல. 70 என்ற இடத்தில் கிளிக் செய்து 95 வரை உயர்த்துங்கள். 230-இல் இன்னொரு ஆணி. OK கொடுத்தால் ஐரிஸின் நார்கள் இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கும். இந்த எண்கள் பெரியம்மாவின் படத்துக்கு. உங்கள் படத்தில் ஐரிஸ் எந்த அளவில் இருக்கிறதோ அதற்கேற்ப நடுப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து Filters, அதில் Enhance, அதில் Sharpen (Unsharp Mask). இதை இரண்டு தடவை செய்கிறேன். முதல் தடவை Radius 20, Amount 0.3. இது ஓரங்களைக் கூர்மையாக்காது, மேடு பள்ளங்களின் வித்தியாசத்தை மட்டும் கொஞ்சம் தூக்கும். நெளி வளையமும் வட்ட மடிப்புகளும் வெளியே வருவது இதில்தான். இரண்டாம் தடவை Radius 1.5, Amount 0.6. இது நார்களுக்காக.

போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்மணியைப் பாருங்கள். அதற்குள் எந்த அமைப்பும் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அங்கே பொடிமணல் போலப் புள்ளிகள் தெரிந்தால், அது கேமராவின் நாய்ஸ். அதே மணல் ஐரிஸிலும் இருக்கும், நாம் அதை விவரம் என்று நினைத்து ஏமாறுவோம். Amount-ஐக் குறைத்து, Threshold-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கண்மணி அமைதியாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. 1600-இல் எடுத்ததால் எனக்கு இந்த இடத்தில்தான் அதிக நேரம் பிடித்தது.

இப்போது படம் முழுவதும் மாறியிருக்கும். தோல் சுருக்கம், வெள்ளை விழியின் சிவப்பு நரம்பு எல்லாம் உறுத்தும். மேல் லேயரின் மீது வலது கிளிக் செய்து Add Layer Mask, அதில் Black (full transparency) கொடுங்கள். செய்த வேலை அத்தனையும் மறைந்துவிடும். பயப்பட வேண்டாம். ஓரம் மென்மையான பிரஷ்ஷை எடுத்து, வெள்ளை நிறத்தில் ஐரிஸின் மேல் மட்டும் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் மட்டும் வேலை தெரியும்.

எங்கே தீட்டக் கூடாது என்பதுதான் முக்கியம். கேட்ச்லைட்டின் மேல் வேண்டாம், அதன் நடுப் பகுதி ஏற்கெனவே 250-ஐத் தாண்டிய வெள்ளை, அங்கே மீட்பதற்கு விவரம் எதுவும் இல்லை. மங்கலான இமை நுனிகளில் வேண்டாம். மங்கிய முடியை ஷார்ப் செய்தால் முடி கூர்மையாகாது, இருபுறமும் வெள்ளைக் கோடு போட்டது போல ஆகும். இமையின் வேரில் ஃபோகஸில் இருக்கும் முடிகளுக்கு மட்டும், Opacity 40-இல் ஒரு தடவை தீட்டினேன். சாம்பல் வளையத்துக்கு உட்புறமாகவே பிரஷ்ஷை நிறுத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் வளையம் அசலைவிட எடுப்பாகிவிடும். வெள்ளை விழியைத் தொடவே இல்லை. மேல் இமையின் நிழல் விழுவதால் அது மேற்பக்கம் சாம்பலாகத்தான் இருக்கும். அந்த நிழல் இருப்பதால்தான் கண் உருண்டையாகத் தெரிகிறது.

மாறவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது, எண்ணைக் கேட்போம். Color Picker டூலை எடுத்து, அதன் ஆப்ஷன்களில் Use info window, Sample merged இரண்டையும் டிக் செய்யுங்கள். ஐரிஸில் ஓரிடத்தில் கிளிக் செய்தால் சிறு விண்டோ வரும். அதில் எண்களின் வகையை LCh என்று மாற்றுங்கள். L* என்பது வெளிச்சம், C* என்பது நிறத்தின் அடர்த்தி, h° என்பது நிறம். மேல் லேயரின் கண் ஐகானைக் கிளிக் செய்து மறைத்தும் காட்டியும், அதே இடத்தில் மறுபடி கிளிக் செய்யுங்கள். L* மாறும். C*, h° இரண்டும் ஓரிரு எண்ணுக்குள் நிற்க வேண்டும். அதிகம் விலகினால், Mode மாறிப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

வடிவத்துக்கு வேறு சோதனை. Layer மெனுவில் New from Visible கொடுங்கள். முடித்த படம் ஒரு தனி லேயராக வந்து எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும். அதன் Mode-ஐ Difference என்று மாற்றி, நடுவில் இருக்கும் வேலை லேயரை மறைத்துவிடுங்கள். அசலுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் திரையில் தெரியும். மாறாத இடமெல்லாம் சுத்தக் கறுப்பு. ஐரிஸ் மட்டும் மங்கலாக ஒளிர வேண்டும். இமை ஓரத்திலோ கண்ணின் மூலையிலோ பிறை போல வெளிச்சக் கோடு தெரிந்தால், அங்கே ஏதோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரியம்மாவின் படத்தில் ஐரிஸ் வட்டமும் சில இமை வேர்களும் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகவே இருந்தன. (ஸ்டூடியோ படத்தின் அசலும் கையில் இருந்ததால் அதையும் இப்படிப் போட்டுப் பார்த்தேன். இரு கண்களைச் சுற்றியும் தீபாவளி!)

சோதனை முடிந்ததும் மேல் லேயரை நீக்கிவிட்டு, வேலை லேயரை மறுபடி காட்டுங்கள். Ctrl+S கொடுத்து XCF கோப்பாகச் சேமித்து, பிரிண்ட்டுக்கு File மெனுவில் Export As, Quality 95. 6000 புள்ளிகள் 12 அங்குலத்தில் அமர்ந்தால் ஓர் அங்குலத்துக்கு 500. எந்த லேப் பிரிண்ட்டுக்கும் தாராளம்.

பெரியம்மா பிரிண்ட்டைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். முதலில் விரல் வைத்தது சாம்பல் வளையத்தில். “இது எங்கம்மாவுக்கும் இருந்துச்சு” என்றார். பிறகு கேட்ச்லைட்டில் தெரிந்த ஜன்னல் கம்பியை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்தப் பெரிய கோப்பை அப்படியே இணையத்தில் போடாதீர்கள். ஐரிஸின் அமைப்பு கைரேகையைப் போல ஆளுக்கு ஆள் வேறு. ஆதார் பதிவில் இரு ஐரிஸையும் ஸ்கேன் செய்கிறார்கள். 2017-இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கேமராவில் எடுத்த கண் படத்தைப் பிரிண்ட் போட்டு, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்து, சாம்சங் கேலக்ஸி எஸ் 8 போனின் ஐரிஸ் பூட்டைத் திறந்து காட்டியது. ஐரிஸ் ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கின்றன, அந்த ஒளியில் மெலனின் தடையாக இருப்பதில்லை என்பதால் பழுப்புக் கண்ணின் நார்களும் தெளிவாகத் தெரியும். நம்முடைய சாதாரணக் கேமராப் படத்தில் அவ்வளவு விவரம் இராது. இருந்தாலும் உறவினர்களுக்கு அனுப்பும் பிரதியை Image மெனுவில் Scale Image போய் 600 புள்ளி அகலத்துக்குக் குறைத்து அனுப்புங்கள். Width, Height பக்கத்தில் உள்ள சங்கிலி இணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் வட்டமான ஐரிஸ் முட்டையாகிவிடும். 600-இல் ஐரிஸுக்கு 200 புள்ளிகள் கிடைக்கும். போனில் பார்த்து ரசிக்க அது போதும்.